லித்தோபேன்: கருப்பு போதவில்லை என்று தடிமனைக் கூட்டாதீர்கள்

பின்னால் விளக்கு வைத்தால் படமாகத் தெரியும், இடத்துக்கு இடம் தடிமன் மாறும் பிளாஸ்டிக் தகடுதான் லித்தோபேன்; தடித்த இடம் இருண்டும் மெல்லிய இடம் வெளுத்தும் தெரியும். புதிதாக அதை முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சிடுபவர்கள் படத்தின் கருப்பு வெள்ளையைத் தலைகீழாக மாற்ற மறப்பதையும் கருப்பு ஃபிலமென்ட் போடுவதையும் பற்றி இங்கே பேசவில்லை. விளக்கைப் போட்டதும் அவை தெரிந்துவிடும். ஓர் இரவு முழுக்க ஓடிய அச்சு வீணான பிறகும் காரணம் பிடிபடாத தவறு ஒன்று இருக்கிறது.

அதிகபட்சத் தடிமனை மட்டும் ஏற்றுவது

வழக்கமாக நடப்பது இதுதான். ஒருவர் குழந்தையின் முகப்படத்தை வெள்ளை பி.எல்.ஏ.வில், குறைந்தபட்சம் 0.8 மி.மீ., அதிகபட்சம் 3.2 மி.மீ. வைத்து அச்சிடுகிறார். முடி கருப்பாக இல்லாமல் சாம்பலாகத் தெரிகிறது. உடனே அதிகபட்சத்தை 5 மி.மீ. ஆக்கி மறுபடி அச்சிடுகிறார். முடி கருத்துவிட்டது, ஆனால் கூடவே கன்னமும் நெற்றியும் இருண்டுவிட்டன. விளக்கு போதவில்லை என்று நினைத்துப் பெரிய எல்.இ.டி. வாங்குகிறார். அதற்குப் பிறகும் முகம் தெளிவதில்லை.

ஒளி பிளாஸ்டிக்கில் கழித்தல் கணக்கில் குறைவதில்லை, வகுத்தல் கணக்கில் குறைகிறது. குறிப்பிட்ட ஒரு தடிமனைக் கடக்கும்போதெல்லாம் பாதியாகிறது. அந்தத் தடிமனைப் 'பாதி அளவு' என்போம். பல மென்பொருள்களோ பிக்சல் எண்ணை அப்படியே நேர்கோட்டில் தடிமனாக்குகின்றன. அதனால் உச்சத் தடிமனை ஏற்றினால் கருப்பு மட்டுமல்ல, இடைப்பட்ட எல்லா நிறங்களும் சேர்ந்து தடிக்கின்றன.

பாதி அளவு 0.48 மி.மீ. என்று வைத்துக் கணக்கிடுவோம். கன்னத்தின் பிக்சல் 192. திரையில் இந்த எண் வெள்ளையின் ஒளியில் சுமார் 53 சதவீதத்தைக் குறிக்கும். பிக்சல் எண் ஒளியின் நேர் அளவு இல்லை, காமா வளைவு ஏற்றிய எண் என்பதால் 75 சதவீதம் என்று கொள்ளக் கூடாது. நேர்கோட்டு முறையில் உச்சம் 3.2 மி.மீ. என்றால் கன்னத்துக்கு 42 சதவீத ஒளி கிடைக்கிறது. கொஞ்சம் மங்கல்தான், பார்க்க முடியும். உச்சத்தை 5 ஆக்கினால் அதே கன்னத்துக்குக் கிடைப்பது வெறும் 22 சதவீதம். முகம் இருண்டதற்குக் காரணம் இதுதான், விளக்கு இல்லை.

சரியான வழி: முதலில் பிக்சலை உண்மையான ஒளியளவாக மாற்ற வேண்டும். பிறகு அந்த ஒளி கிடைக்க எத்தனை முறை பாதியாக வேண்டும் என்று பார்த்து, அதைப் பாதி அளவால் பெருக்க வேண்டும்.

```python
import math
v = px / 255
L = v / 12.92 if v <= 0.04045 else ((v + 0.055) / 1.055) ** 2.4
t = t_min + h * math.log2(1 / max(L, 1e-4))
t = min(t, t_max)
```

இதில் `h` பாதி அளவு. 192க்கு 1.24 மி.மீ. வரும், 128க்கு 1.86. `t_max` எதுவாக இருந்தாலும் இவை மாறாது, அதுதான் இதன் பெரிய பயன். உச்சத்தை ஏற்றினால் நிழல் மட்டும் ஆழமாகும், முகம் அப்படியே இருக்கும். உச்சம் 3.2 என்றால் 50க்குக் கீழுள்ள பிக்சல்கள் எல்லாம் ஒரே தடிமனில் முட்டிக்கொள்ளும். முடியின் இழைகள் அங்கே இருந்தால், படத்தின் நிழல் பகுதியை முதலில் சற்று வெளுக்க வையுங்கள்.

பாதி அளவை ஊகிப்பது

ஃபிலமென்ட்டுக்கு ஃபிலமென்ட் இது மாறும். அடுத்தவர் எண்ணைக் கடன் வாங்காதீர்கள். 0.8 முதல் 3.2 மி.மீ. வரை 0.4 மி.மீ. ஏறும் படிக்கட்டுத் துண்டு ஒன்றை, நிஜ அச்சில் வரும் அதே அமைப்புகளில் அச்சிடுங்கள். இருட்டறையில், அதே விளக்கின் முன் வைத்து, கருப்பு அட்டையில் வெட்டிய ஓட்டை வழியாக ஒவ்வொரு படியையும் லக்ஸ் மீட்டரால் அளவெடுங்கள். அட்டை இல்லாவிட்டால் பக்கத்துப் படியின் ஒளி கசிந்து, தடித்த படிகள் உண்மையைவிட வெளிச்சமாகக் காட்டும். 0.8இல் 640 லக்ஸ், 3.2இல் 20 லக்ஸ் என்றால் ஒளி 32இல் ஒரு பங்காகியிருக்கிறது, அதாவது ஐந்து முறை பாதியாகியிருக்கிறது. 2.4 மி.மீ.யை ஐந்தால் வகுத்தால் 0.48. இடைப் படிகளும் இதே கணக்கில் வருகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மெல்லிய படி மட்டும் விலகினால் அதை விட்டுவிட்டு மற்றவற்றில் கணக்கிடுங்கள்.

படுக்க வைத்து அச்சிடுவது

படுக்க வைத்தால் தடிமன் அடுக்கடுக்காகத்தான் ஏறும். 0.2 மி.மீ. அடுக்கில் 2.4 மி.மீ.க்குப் பன்னிரண்டு படிகள்தான், கன்னத்தில் வரைபடக் கோடுகள் போல விளிம்புகள் தெரியும். நிறுத்தி வைத்து, அடியில் பிடிமானத்துக்குப் பிரிம் என்ற அகலமான மெல்லிய விளிம்பு கொடுத்து அச்சிடுங்கள்.

உள்நிரப்பு 100 சதவீதத்துக்குக் குறைவாக

விளக்கைப் போட்டதும் முகத்தின் மேல் கட்டம் கட்டமாகத் தெரியும்.

அறை விளக்கில் பார்த்து முடிவு செய்வது

வேண்டாம். பின்னொளி இல்லாமல் தெரிவது புடைப்பின் நிழல்தான், படம் இல்லை.