ஜெர்மனி ஆன்சைட் வந்திருக்கிறதா? தேதியிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்

சென்னையிலிருந்து ஜெர்மனிக்கு ஆறு மாத ஆன்சைட் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது தினப்படி எத்தனை யூரோ என்பதைத்தான். கிளம்பும் தேதியை முதலில் கேளுங்கள். வரி அங்கேதான் முடிவாகிறது.

முதல் படி, நாட்களை எண்ணுவது. வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியக் குடிமகன், ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையான ஆண்டில் இந்தியாவில் 182 நாளோ அதற்கு மேலோ இருந்தால் 'ரெசிடென்ட்'. அப்போது வெளிநாட்டில் சம்பாதித்ததற்கும் இங்கே வரி உண்டு. செப்டம்பர் 15 அன்று கிளம்பினால் 168 நாள் ஆகிவிடுகிறது. மார்ச் 14 அன்று திரும்பினால் மேலும் 18 நாள் சேர்ந்து 186. ஊர் திரும்புவதை ஏப்ரலுக்குத் தள்ளினாலும், பொங்கலுக்கு 14 நாள் வந்துபோனால் சரியாக 182. வந்த நாள், போன நாள் இரண்டையும் சேர்த்தே எண்ணுங்கள். பலர் தவறுவது இங்கேதான். ரெசிடென்ட் இல்லாதவருக்கும், சம்பளம் நேராக இந்திய வங்கிக் கணக்கில் விழுந்தால் வரிக் கேள்வி எழும். அதனால் பணம் எந்தக் கணக்குக்கு வரும் என்று கேட்டு வையுங்கள்.

ஜெர்மனியிலும் வரி வந்தால்? அங்கே கட்டியதை இங்கே கழித்துக்கொள்ள ஒப்பந்தம் இருக்கிறது. ஆனால் படிவமும் ரசீதும் வேண்டும். அங்கே வரும் வரியை நிறுவனம் ஏற்குமா, சொன்ன தொகை பிடித்தத்துக்கு முன்பா பின்பா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்தது தினப்படி. ஒரு நாளைக்கு 60 யூரோ என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,800. வாடகை 900, சாப்பாடு 350, போக்குவரத்தும் போனும் 100 என்றால் மிச்சம் 450. செலவான பகுதிக்குத்தான் வரிவிலக்கு. மிஞ்சியது சம்பளமாகக் கருதப்படலாம், அதனால் பில்களை வையுங்கள். ஜெர்மனியில் வீட்டுக்கு டெபாசிட்டாக மூன்று மாத அடிப்படை வாடகை வரை கேட்கச் சட்டம் இடம் தருகிறது. இதை முதல் மாதச் சம்பளத்திலிருந்து கட்ட முடியாது, நிறுவனம் முன்பணம் தரவேண்டும்.

ஆன்சைட் கடிதத்தில், திரும்பி வருவதைப் பற்றிய பத்தியைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். 'பிசினஸ் தேவைப்படி' என்று மட்டும் எழுதியிருந்தால் அது உத்தரவாதம் ஆகாது. அதே கிரேடு, எந்த ஊர், புராஜெக்ட் கிடைக்கும்வரை பெஞ்சில் எத்தனை நாள் முழுச் சம்பளம் என்று கடிதத்தில் இருக்கட்டும். இந்திய வேலையை ராஜினாமா செய்துவிட்டு அங்குள்ள கிளையில் சேரச் சொன்னால், பணித் தொடர்ச்சி அறுபடுமா என்று கேளுங்கள். கிராஜுவிட்டிக்குத் தேவையான ஐந்து ஆண்டு அங்கேதான் நழுவும்.

புராஜெக்ட் பாதியில் நின்றால் என்ன என்பதையும் கேளுங்கள். ஜெர்மனியில் வீட்டைக் காலி செய்ய வழக்கமாக மூன்று மாத நோட்டீஸ் தரவேண்டும். அந்த வாடகையையும் டிக்கெட்டையும் நிறுவனம் ஏற்கிறதா? பாண்ட் இருந்தால், வேலை செய்த ஒவ்வொரு மாதத்துக்கும் தொகை குறைகிறதா என்று பாருங்கள். நிறுவனமே திருப்பி அழைத்தாலும் பாண்ட் பணம் கட்டவேண்டும் என்று இருந்தால், அந்த நிபந்தனையை நீக்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.