தலைப்பு நீளம், வீடியோ நீளம், போட்ட நேரம்: பார்வைக் கணக்கு எங்கே தப்புகிறது?

ஒரு சமையல் சேனல் இருக்கிறது, அதில் 150 வீடியோக்கள் என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு எத்தனை எழுத்து, வீடியோ எத்தனை நிமிடம், எத்தனை மணிக்குப் போட்டது என்ற மூன்றும் பார்வைகளோடு எப்படிச் சேர்ந்து போகின்றன என்று பார்க்க வேண்டும். யூடியூப் ஏபிஐ-யிலிருந்து தரவை இறக்கி, நாலு வரி பைத்தான் எழுதினால், அந்தத் தொடர்பை எண்ணாகச் சொல்லும் ரிக்ரஷன் ஓடிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. சிக்கலே அதுதான். தப்பான எண்களைக் கொடுத்தாலும் அது மூன்று தசமத்தோடு விடை சொல்லும்.

முதலில் நேரம். ஏபிஐ தரும் `publishedAt` யூடிசி நேரம். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். அந்தச் சேனல்காரர் ஒரு நாள் காலை 5 மணிக்கும், இன்னொரு நாள் 6 மணிக்கும் வீடியோ போடுகிறார். யூடிசியில் முதலாவது முந்தின நாள் இரவு 23:30, இரண்டாவது 00:30. மணியை மட்டும் வெட்டி எடுத்தால் ஒன்று 23, மற்றது 0. பால்காரர் வரும் நேரத்தில் போட்ட இரண்டு வீடியோக்களை ரிக்ரஷன் ஆளுக்கொரு மூலையில் நிறுத்திவிடும். ஞாயிறு காலை 5 மணி வீடியோ சனிக்கிழமைக் கணக்கில் சேர்வது தனிக்கதை. மாற்றுவது எளிது:

```python
t = pd.to_datetime(df["publishedAt"], utc=True)
df["hour"] = t.dt.tz_convert("Asia/Kolkata").dt.hour
```

இதோடு முடியவில்லை. நம் நேரத்துக்கு மாற்றிய பிறகும் இரவு 11 மணி 23 ஆகவும், நள்ளிரவு 0 ஆகவும்தான் நிற்கும். `hour` என்பதை வெறும் எண்ணாக மாடலில் போட்டால், "ஒவ்வொரு மணிக்கும் பார்வை இத்தனை சதவீதம் ஏறும்" என்று ஒரே கோடாக இழுக்கும். காலையில் ஒரு ஏற்றம், மத்தியானம் மந்தம், சாயங்காலம் மறுபடி ஏற்றம் என்று இருந்தால் அந்தக் கோடு ஏறக்குறைய படுத்துக்கொள்ளும். நாமும் "நேரம் முக்கியமில்லை" என்று முடிவு கட்டிவிடுவோம். 150 வீடியோவுக்குக் காலை, மதியம், மாலை, இரவு என்று நான்கு கூறாகப் பிரிப்பது போதும். 24 மணியை ஒரு வட்டமாக எடுத்துக்கொண்டு சைன், கொசைன் என்று போகிறவர்களும் உண்டு. தவறில்லை, ஆனால் வந்த விடையைச் சேனல்காரருக்குப் புரியவைப்பது கஷ்டம்.

தலைப்பு நீளத்தில் தமிழுக்கே உரிய ஒரு குழி இருக்கிறது. `len("கொத்து பரோட்டா")` என்று கேட்டால் 14 என்று வரும். நம் கண்ணுக்கு இடைவெளியோடு சேர்த்து 8 எழுத்துதான். பைத்தான் க, ொ, த, ் என்று குறியீடுகளைத் தனித்தனியாக எண்ணுகிறது. எல்லாத் தலைப்பும் தமிழிலேயே இருந்தால் இதனால் பெரிய சேதமில்லை; எல்லாம் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் ஊதும். ஆனால் நம் சேனல்களில் பாதித் தலைப்பு தமிழில், பாதி ஆங்கில எழுத்தில் இருக்கும். அப்போது `len` பெரிதாக வருவதெல்லாம் தமிழ்த் தலைப்புகள். "நீளத் தலைப்புக்குப் பார்வை குறைவு" என்று வரும் விடை நீளத்தைப் பற்றியதா, மொழியைப் பற்றியதா என்று சொல்லவே முடியாது. `regex` என்ற தொகுப்பை நிறுவி `len(regex.findall(r"\X", s))` என்று எண்ணினால் 8 கிடைக்கும். அதோடு, எந்த எழுத்தில் தலைப்பு என்பதையும் ஒரு தனிப் பத்தியாக மாடலில் சேர்த்துவிட வேண்டும்.

சரி, பார்வைகள். இன்றைய `viewCount` என்பது அந்த வீடியோ பிறந்த நாளிலிருந்து சேர்ந்த மொத்தம். மூன்று வருடம் பழசையும் போன வாரம் போட்டதையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. சேனல் நம்முடையது என்றால் ஒவ்வொரு வீடியோவுக்கும் முதல் 7 நாள் பார்வையை எடுக்கலாம். முதல் நாளை மட்டும் எடுப்பது ஆபத்து. அனலிட்டிக்ஸில் நாள் அமெரிக்காவின் பசிபிக் நேரப்படி மாறுகிறது. நமக்கு அது பகல் பன்னிரண்டரை அல்லது ஒன்றரை மணி. காலை 6 மணி வீடியோவுக்கு 'முதல் நாள்' என்பது ஆறேழு மணி நேரம்தான், மாலை 6 மணி வீடியோவுக்குப் பதினெட்டரைக்கு மேல். மாலை ஜெயிப்பது போலத் தெரிவதில் ஆச்சரியமில்லை. ஷார்ட்ஸையும் விலக்கிவிடுங்கள். 2025 மார்ச் 31 முதல் அவை ஓடத் தொடங்கினாலே பார்வையாகிவிடுகின்றன. அது வேறு கணக்கு.

வழக்கமாக 8,000 பார்வை வரும் சேனலில் ஒன்று மட்டும் 12 லட்சம் போயிருந்தால், நேரடியாக ஓட்டும் ரிக்ரஷன் அந்த ஒரு வீடியோவின் தலைப்பு நீளத்தைத்தான் பெரும்பாலும் பேசும். லாக் எடுத்தால் 8,000 என்பது 9, 12 லட்சம் என்பது 14. அப்போதும் அது தனித்துத்தான் நிற்கும், ஆனால் மற்ற 149-ஐ விழுங்காது. கீழே `views7` என்பது முதல் 7 நாள் பார்வை, `slot` என்பது காலை, மதியம் என்று பிரித்த கூறு, `script` என்பது தலைப்பு எந்த எழுத்தில் என்பது.

```python
m = smf.ols("np.log(views7) ~ title_len + minutes"
            " + C(slot) + C(script)", df).fit(cov_type="HC3")
```

இனி, எனக்குத் தெரிந்து அதிகம் பேர் கவனிக்காமல் விடும் இடம். மூன்றையும் ஒன்றாகப் போடுவதே "வீடியோ நீளம் ஒன்றாக இருக்கும்போது நேரம் என்ன செய்கிறது" என்று பார்க்கத்தான். ஆனால் நம் சேனல்காரர் வார நாட்களில் 5 நிமிட டிபன் வீடியோவை மாலையிலும், ஞாயிற்றுக்கிழமை 25 நிமிட பிரியாணியைக் காலையிலும் போடுகிறவர். ஓட்டுவதற்கு முன் ஒரு சின்னக் கட்டம் போட்டுப் பாருங்கள், `pd.crosstab(df.slot, pd.cut(df.minutes, [0,10,20,60]))` என்று. மாலை வரிசையில் 20 நிமிடத்துக்கு மேலான கட்டத்தில் 0 இருந்தால், மாலையில் பிரியாணி போட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தரவில் ஒரு சாட்சியும் இல்லை. மாடல் அதற்கும் ஒரு எண் சொல்லும், நேர்கோட்டை நீட்டிச் சொன்ன எண் அது. இன்னொரு அடையாளமும் உண்டு: `minutes`-ஐ எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினால் காலையின் குறி கூட்டலிலிருந்து கழித்தலுக்குப் புரளலாம். அப்படிப் புரண்டால் நேரம், நீளம், பிரியாணி, ஞாயிறு நான்கும் ஒரே முடிச்சு. ரிக்ரஷனால் அதை அவிழ்க்க முடியாது.

முடிச்சு அவ்வளவு இறுக்கமில்லை என்றால் விடையைப் படிக்கலாம். `title_len`-க்கு −0.012 வந்தது, அதன் 95% நம்பக இடைவெளி −0.030 முதல் 0.006 வரை என்று வைப்போம். தலைப்பில் 10 எழுத்து கூடினால் பார்வை சுமார் 11% குறைவு என்று ஒரு வரியில் எழுதிவிடத் தோன்றும். இடைவெளியையும் அதே 10 எழுத்துக்குக் கணக்குப் போட்டால் 26% குறைவிலிருந்து 6% கூடுதல் வரை எதுவும் இருக்கலாம் என்று வருகிறது. தலைப்பைக் குறைக்கச் சொல்ல இது போதாது.

நேரத்துக்கு மட்டும் ஒரு வழி மிச்சம் இருக்கிறது. அடுத்த 40 வீடியோவுக்குக் காலையா மாலையா என்பதை, என்ன சமையல் என்று பார்க்காமல் காசு சுண்டி முடிவு செய்யலாம். பிரியாணி சில தடவை மாலையில் போகும், அந்த 0 கட்டம் நிரம்பும். சேனல்காரர் சம்மதிப்பாரா என்பது வேறு விஷயம். ஞாயிறு காலை பிரியாணியை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனசு வராது.