வெளுத்த பூ டைல்ஸில் நிறம் திரும்பிய விதம்

பழைய வீட்டுச் சிமெண்ட் பூ டைல்ஸ் வெளிறிப் போயிருந்தன. சோப்பு போட்டுத் தேய்த்தேன், பலனில்லை. மெழுகு பூசினேன், வெண்படலம் அடியிலேயே நின்றது. ஆசிட் சிமெண்டையே அரிக்கும் என்பதால் தொடவில்லை.

ஈரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பும் பச்சையும் பளிச்சென்று தெரிந்தன. அதுதான் துப்பு. இவற்றைச் சூளையில் சுடுவதில்லை. அச்சில் நிறச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அதன் மேல் மணல் கலவை போட்டு அழுத்துகிறார்கள். அதனால் நிறம் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு இருக்கும். கெட்டது மேல்பரப்பு மட்டும்தான்.

சரி, மெழுகை எடுத்துவிட்டு, 400 நம்பர் வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். கசடு காய்வதற்குள் துடைத்துவிட வேண்டும். அப்புறம் பாலித்தீன் துண்டு ஒன்றைத் தரையில் ஒட்டி, மறுநாள் அடியில் ஈரம் இல்லை என்று உறுதியான பிறகே ஊடுருவும் சீலர் பூசினேன். ஈரத்தோடு பூசினால் உப்பு மறுபடி வெண்படலமாகப் பூக்கும்.