காபிக் கொட்டை பயறு அல்ல: பழத்துக்குள் அது எந்தப் பகுதி?

பொட்டலத்தின் மேல் ‘காபி பீன்ஸ்’ என்று அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு, காபியும் அவரை, மொச்சை போல ஒரு பயறுதான் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். பயறு உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதவர்கள் காபியையும் விட்டுவிட வேண்டுமா என்று கேட்கிறவர்களும் உண்டு. பயறு என்ற காரணத்துக்காகக் காபியை ஒதுக்க வேண்டியதில்லை, ஏனென்றால் அது பயறே இல்லை. மொச்சையும் துவரையும் உளுந்தும் காய்ப்பவை ஒரு தாவரக் குடும்பம்; காபி ருபியேசியே என்ற வேறொரு குடும்பம். மதுரையைச் சுற்றிப் புறம்போக்கில் தானாக வளர்ந்து நிற்கும் மஞ்சணத்தி மரமும், வீட்டு வாசலில் கொத்துக் கொத்தாகப் பூக்கும் இட்லிப்பூச் செடியும், கரடுகளில் காணும் பாவட்டையும்தான் காபிக்குச் சொந்தக்காரர்கள். இட்லிப்பூச் செடியின் இலைகள் ஒன்றுக்கொன்று நேர் எதிரே சோடி சோடியாக நிற்பதைப் பாருங்கள். காபியிலும் அப்படியேதான்.

வேறுபாடு பூவிலேயே தொடங்கிவிடுகிறது. மொச்சைப் பூவின் சூலகத்தில் ஒரே அறை; அதில் வரிசையாகப் பல சூல்கள். அதனால் அது நீண்ட காயாகி, உள்ளே விதைகள் அடுக்காக அமைகின்றன. காபிப் பூவின் சூலகம் இதழ்களுக்குக் கீழே இருக்கிறது. அதில் இரண்டு அறைகள், அறைக்கு ஒரு சூல். ஆகவே ஒரு பழத்தில் இரண்டு விதைகள். முற்றிய காபிப் பழத்தின் நுனியில் சிறிய வட்டத் தழும்பு ஒன்று தெரியும். பூ உதிர்ந்த இடம் அது.

பழத்தை உரித்துப் பார்த்தால்

காபிப் பழத்தைக் காண நாம் வெகுதூரம் போக வேண்டாம். வத்தலக்குண்டிலிருந்து மலை ஏறினால் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறைப் பகுதிகளில் ஆரஞ்சும் மிளகும் வளரும் அதே மலையில் அராபிகா காபி விளைகிறது. சிறுமலையிலும் உண்டு. கார்த்திகை, மார்கழியில் போனால் செடியில் சிவந்த பழங்களைப் பார்க்கலாம். தோட்டக்காரரிடம் கேட்டு ஒரே ஒரு பழத்தை வாங்கி, நகத்தால் மெதுவாக உரித்துப் பாருங்கள்.

முதலில் வருவது சிவப்புத் தோல். அதன் கீழே மெல்லிய, இனிப்பான சதை. சதையைப் பிதுக்கியதும் வழவழவென்று இரண்டு துண்டுகள் வெளியே வழுக்கி விழும். இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். ‘இதோ காபிக் கொட்டை’ என்று கையில் எடுத்துக்கொள்கிறார்கள். இன்னும் வரவில்லை. கையில் இருப்பது விதை அல்ல, விதையை மூடிய ஓடு.

மாம்பழத்தை நினைத்துக்கொண்டால் இது சுலபமாகப் புரியும். தோல், சதை, அதன் பிறகு நார் ஒட்டிய கெட்டியான கொட்டை. அந்தக் கொட்டையை உடைத்தால் உள்ளே பருப்பு. கெட்டியான கொட்டை ஓடு பழச்சுவரின் கடைசி அடுக்கு, பருப்புதான் விதை. காபியும் இதே அமைப்புள்ள பழம். மாங்கொட்டை ஓட்டின் இடத்தில் காபியில் இருப்பது, வைக்கோல் நிறத்தில் காகிதம்போல் மெலிந்த ஓர் ஓடு. காபி வியாபாரத்தில் அதற்குப் ‘பார்ச்மென்ட்’ என்று பெயர். மாவில் ஓடு ஒன்று. காபியில் ஒவ்வொரு விதைக்கும் தனித்தனி ஓடு. நாம் வறுத்து அரைப்பது, மாவில் பருப்பு இருக்கும் இடத்தில் இருப்பதை.

வழவழப்பும் விதையினுடையது அல்ல. அது பழச் சதையின் உள்பக்கம், ஓட்டின் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெறும் தண்ணீரில் அலசினால் போகாது. அதனால்தான் தோட்டங்களில் பழத்தைப் பறித்த அன்றே தோலை நீக்கி, அராபிகாவாக இருந்தால் ஒரு நாளோ ஒன்றரை நாளோ தொட்டியில் புளிக்க வைக்கிறார்கள். ஒரு கைப்பிடி அள்ளிப் பிசையும்போது வழுக்காமல், கூழாங்கல்லைப் பிசைவதுபோல் சொரசொரப்பாக இருந்தால் கழுவலாம். இதைத் தாண்டி ஊறவிட்டால் புளிப்பு நாற்றம் ஓட்டைக் கடந்து விதைக்குள் போய்விடும். பிறகு எவ்வளவு நன்றாக வறுத்தாலும் அது டம்ளரில் தெரியும்.

கழுவியதைக் களத்தில் காயவைத்து, ஈரம் நூற்றுக்குப் பத்து, பதினொன்று என்ற அளவுக்கு இறங்கியதும் பட்டிவீரன்பட்டி போன்ற ஊர்களில் உள்ள பதப்படுத்தும் ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள். ஓடு உடைந்து பிரிவது அங்கேதான். சாம்பல் கலந்த பச்சையில் அப்போது வெளிவருவது விதை. அதன் மேலும் ஒரு மெல்லிய படலம் ஒட்டியிருக்கும். அது வெள்ளித்தோல், விதையின் சொந்தத் தோல். வறுக்கும்போது இயந்திரத்திலிருந்து உமிபோல் பறப்பது இதுதான். அதைப் பழத்தோல் என்றோ சரியாகச் சுத்தம் செய்யாத குப்பை என்றோ நினைக்க வேண்டாம்.

இத்தனை அடுக்குகள் போனபின் மிஞ்சுவது கொஞ்சம்தான். 1 கிலோ பச்சைக் கொட்டைக்கு ஏறத்தாழ 5 முதல் 6 கிலோ பழம் வேண்டியிருக்கிறது.

‘செர்ரி’ என்பது ரகத்தின் பெயர் அல்ல

மதுரையில் காபித்தூள் கடைக்குப் போனால் பிளாண்டேஷன், பீபெரி, ரோபஸ்டா செர்ரி என்று பலகையில் எழுதியிருக்கும். ‘செர்ரி’யைப் பார்த்து அதில் பழம் கலந்திருக்கிறது என்றோ, அது தனிச் செடி என்றோ எண்ணுவது பரவலான தவறு. பழத்தைப் புளிக்க வைக்காமல், தோலும் சதையுமாக முழுசாக வெயிலில் காயவைத்துப் பிறகு உடைத்து எடுத்தால் அது செர்ரி. தோல் நீக்கிக் கழுவி, ஓட்டோடு காயவைத்தது அராபிகாவாக இருந்தால் பிளாண்டேஷன், ரோபஸ்டாவாக இருந்தால் ரோபஸ்டா பார்ச்மென்ட். எந்த வழியில் வந்தாலும் கடையில் வறுபடுவது அதே விதைதான். காய்ந்த முறை மாறுவதால் சுவை மாறுகிறது, பழத்தின் பகுதி மாறுவதில்லை. அதே கடையில் கலக்கும் சிக்கரிதான் விதையே அல்லாதது. அது ஒரு செடியின் வேர்.

பாதிப் பருப்பு என்று நினைப்பது

ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை, தட்டையின் நடுவே ஒரு கோடு. காபிக் கொட்டையின் இந்த வடிவத்தைப் பார்த்தவுடன், உடைத்த துவரம்பருப்பைப்போல் இதுவும் ஒரு விதையின் பாதி என்று தோன்றிவிடுகிறது. படித்தவர்களும் இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். இதைத் திருத்த ஒரு மொச்சையும் ஒரு பச்சைக் காபிக் கொட்டையும் போதும். வறுக்காத கொட்டையைக் கடையில் கேட்டால் கொஞ்சம் கொடுப்பார்கள்.

இரண்டையும் தண்ணீரில் ஊறவிடுங்கள். மொச்சை ஒரே இரவில் ஊறிவிடும். காபிக்கு ஒரு முழு நாளாவது வேண்டும். மொச்சையின் தோலைப் பிதுக்கினால் இரண்டு தடித்த பாதிகளாகப் பிரியும். இடையில் ஓர் ஓரத்தில் முளை ஒட்டியிருக்கும். அந்த இரண்டு பாதிகளும் வித்திலைகள். செடிக்கு வேண்டிய உணவு முழுவதும் அவற்றில் சேர்ந்திருக்கிறது. பருப்பு என்று நாம் வேகவைப்பதும் வித்திலையைத்தான்.

காபிக் கொட்டையை எவ்வளவு பிதுக்கினாலும் இரண்டாகப் பிரியாது. நடுக்கோடு பிளவு அல்ல, மடிப்பு. கூரிய பிளேடால் குறுக்கே வெட்டிப் பார்த்தால், ஒரே திசு உள்பக்கமாகச் சுருண்டு மடிந்திருப்பதும், அந்த மடிப்போடு வெள்ளித்தோல் உள்ளே போயிருப்பதும் தெரியும். வறுத்த கொட்டையின் நடுக்கோடு மட்டும் வெளிறித் தெரிவதற்குக் காரணம் அங்கே சிக்கிக்கொண்ட வெள்ளித்தோல்தான்.

சுருண்டிருக்கும் அந்தத் திசுவின் பெயர் கருவூண். கொட்டையின் பெரும்பகுதி அதுவே. முளைக்கரு எங்கே என்றால், ஒரு நுனியில், உருண்டைப் பக்கத்தின் அடியில், 3, 4 மில்லிமீட்டர் நீளத்தில் வெள்ளையாகப் படுத்திருக்கும். ஊறிய கொட்டையின் இரு நுனிகளையும் அந்தப் பக்கமாக மெல்லச் சீவிக்கொண்டே போனால் ஒன்றில் கிடைத்துவிடும். அதன் முனையில் இரண்டு வித்திலைகள் சிறிய ஏடுகளாக இருக்கும். பயறில் வித்திலையே உணவுக் கிடங்கு. காபியில் கிடங்கு கருவூண், வித்திலை மெல்லியது. ஆகவே தட்டைப் பக்கமுள்ள ஒவ்வொரு கொட்டையும் தனக்கென ஒரு முளைக்கரு கொண்ட முழு விதை. பழத்துக்குள் இரண்டு விதைகள் எதிரெதிரே நெருங்கி வளர்ந்ததால்தான் அந்தப் பக்கம் தட்டையாயிற்று.

நெருங்க ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பீபெரியே சாட்சி. இரண்டு சூல்களில் ஒன்று வளராமல் போனால், மற்றது இடம் முழுவதையும் எடுத்துக்கொண்டு உருண்டையாகிவிடுகிறது. அது தனி ரகம் அல்ல. மற்ற பழங்கள் காய்க்கும் அதே கிளையில்தான் காய்க்கிறது. பொதுவாக நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை இப்படி அமையும். அதைச் சல்லடையில் தனியாகப் பிரித்து விற்கிறார்கள். எப்போதாவது ஒரே ஓட்டுக்குள் இரண்டு விதைகள் பின்னிக்கொண்டு வளர்வதும் உண்டு. அந்தப் பெரிய கொட்டை வறுக்கும்போது இரண்டாக உடையும். அதைப் பார்த்துத்தான் சிலர் காபிக் கொட்டை பருப்பாகப் பிளக்கும் என்று நம்பிவிடுகிறார்கள்.

நடுவதில் நேரும் தவறு

விதைதானே என்று கடையில் வாங்கிய கொட்டையைத் தொட்டியில் ஊன்றுகிறவர்கள் இருக்கிறார்கள். வறுத்ததில் உயிர் இல்லை. பச்சைக் கொட்டையும், மாதக்கணக்கில் காய்ந்து மூட்டையில் கிடந்தது என்றால், பெரும்பாலும் முளைக்காது. பயறைப்போல் அடுத்த ஆண்டுக்கு எடுத்துவைக்கக் கூடிய விதை அல்ல இது. முளைக்க வேண்டுமானால் அந்தப் பருவத்துப் பழத்தை உரித்து, ஓட்டை நீக்காமல், நிழலில் உலர்த்தி, தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி ஊன்ற வேண்டும். ஏறத்தாழ 45 நாளில் ஒரு காம்பு, கொட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு தீக்குச்சிபோல் நிமிரும். இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டு அந்தக் கொட்டையைக் கையால் பிய்த்துவிடுகிறவர்கள் செடியை இழந்துவிடுகிறார்கள். உள்ளே வித்திலைகள் கருவூணைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி விரிந்துகொண்டிருக்கின்றன. அது தீர்ந்ததும் ஓடு தானாகக் கழன்று, வட்டமான இரண்டு இலைகள் வெளியே வரும்.