டியூஷன் கட்டணத்தை உயர்த்தும்போது பெற்றோருக்குக் கடிதம் எழுதுவது எப்படி?

காசிமேட்டுப் பக்கம் டியூஷன் எடுக்கிறேன். ஆறாவது முதல் எட்டாவது வரை 16 பிள்ளைகள். முதல் தடவை கட்டணம் ஏற்றியபோது மே கடைசி வாரத்தில் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து, ஜூன் 1 முதல் கூடுதலாகக் கேட்டேன். ஒரு அம்மா வந்து, "மிஸ், போட்டு இன்னும் கடலுக்கே போகல. முன்னாடியே சொல்லியிருந்தா கொஞ்சம் எடுத்து வெச்சிருப்பேனே" என்றார். அடுத்த வாரம் அவருடைய பிள்ளை வரவில்லை. தொகையை விட நான் தேர்ந்தெடுத்த நாள்தான் தப்பு.

1. முதலில் தேதியை முடிவு செய்யுங்கள்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகை நம்பியிருக்கும் வீடுகளில் அந்த நாட்களில் வருமானம் சுருங்கிவிடும். அதே ஜூனில்தான் ஸ்கூல் ஃபீஸ், நோட்டு, யூனிஃபார்ம் எல்லாம் வரிசையாக நிற்கும். அதனால் நான் ஜூன் முதல் வாரம் கடிதம் கொடுத்து, ஆகஸ்ட் மாதத்தில் இருந்து புதிய கட்டணம் வாங்குகிறேன். உங்கள் தெருவில் யாருக்கு எந்த மாதம் கை இறுக்கமாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், அந்த மாதத்தைத் தவிருங்கள். எப்படியானாலும் இரண்டு மாத அவகாசம் வேண்டும்.

2. காரணத்தில் இருந்து தொகைக்கு வாருங்கள்

பலர் முதலில் 200 என்று முடிவு செய்துவிட்டு அப்புறம் காரணம் தேடுவார்கள். படிப்பவர்களுக்கு அது தெரிந்துவிடும். என் கணக்கு இப்படி இருந்தது. வகுப்பு நடக்கும் அறையின் வாடகை 3,000-லிருந்து 4,000 ஆனது. புதிதாகச் சனிக்கிழமைத் தேர்வு தொடங்கியதில், ஒரு பிள்ளைக்கு மாதம் 40 பக்கம் ஜெராக்ஸ், பக்கம் 2 ரூபாய் என்று 80 ரூபாய். 16 பேருக்கு 1,280. இரண்டும் சேர்ந்து 2,280. பதினாறால் வகுத்தால் 142 ரூபாய் 50 காசு. அதை 150 ஆக்கினேன். 800 ரூபாய் 950 ஆனது.

"விலைவாசி ஏறிவிட்டது" என்று மட்டும் எழுதாதீர்கள். அது அவர்களுக்கும்தான் ஏறியிருக்கிறது. "மற்ற இடங்களில் இன்னும் அதிகம்" என்பதும் வேண்டாம், அங்கேயே போகச் சொல்வது போல இருக்கும். பெற்றோர் கண்ணால் பார்க்கக்கூடிய காரணங்கள் இரண்டு போதும்.

3. கடிதத்தை எழுதுங்கள்

ஒரு பக்கத்துக்குள் முடியட்டும். தொகை முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும்.

> தேதி: ஜூன் 3
>
> மதிப்பிற்குரிய பெற்றோருக்கு,
>
> வணக்கம். ______ படிக்கும் டியூஷனின் மாதக் கட்டணம் 800 ரூபாயிலிருந்து 950 ரூபாயாக மாறுகிறது. ஆகஸ்ட் மாத வகுப்புகளுக்கு, அதாவது ஆகஸ்ட் 5-க்குள் நீங்கள் கட்டும் பணத்திலிருந்து, இது நடைமுறைக்கு வரும். ஜூன், ஜூலை மாதங்களுக்குப் பழைய 800 ரூபாய்தான்.
>
> இரண்டு ஆண்டுகளாகக் கட்டணத்தை மாற்றவில்லை. இப்போது அறை வாடகை 1,000 ரூபாய் கூடியிருக்கிறது. சனிக்கிழமைத் தேர்வுத் தாள்களுக்குப் பிள்ளை ஒன்றுக்கு மாதம் 80 ரூபாய் செலவாகிறது. தாள்களுக்குத் தனியாகப் பணம் வாங்க மாட்டேன்.
>
> ஒரே வீட்டிலிருந்து இருவர் வந்தால் இரண்டாவது பிள்ளைக்குப் பழைய கட்டணமே தொடரும். முன்கூட்டியே கட்டியவர்கள் மீதித் தொகை தர வேண்டாம். இந்தத் தொகை சிரமமாக இருந்தால் ஜூலை 15-க்குள் என்னிடம் தனியாகப் பேசுங்கள்.
>
> இப்படிக்கு,
> (கையெழுத்து, போன் எண்)

"ஆகஸ்ட் முதல்" என்று மட்டும் எழுதினால் குழப்பம் வரும். சிலர் மாதம் முடிந்த பிறகு கட்டுவார்கள். ஆகஸ்டில் அவர்கள் கொடுப்பது ஜூலைப் பணமா, ஆகஸ்ட் பணமா என்று வாக்குவாதம் ஆகும். எந்த மாத வகுப்புக்கு என்பதைத் தெளிவாக எழுதுங்கள்.

4. கொடுக்கும் விதம்

உறையில் போட்டு ஒட்டி, பிள்ளையைக் கூப்பிட வரும் பெரியவர் கையில் கொடுங்கள். நோட்டுக்குள் வைத்து அனுப்பினால் மற்ற பிள்ளைகள் படித்துவிடுவார்கள், யார் வீட்டில் பணம் இல்லை என்ற பேச்சு வகுப்பில் கிளம்பும். அதனால்தான் குரூப்பிலும் போடுவதில்லை. நேரில் வர முடியாதவர்களுக்குக் கடிதத்தைப் படம் எடுத்துத் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

5. பதில் வரும்போது

யாராவது தனியாகப் பேச வந்தால் வாசலில் நிற்க வைத்துப் பேசாதீர்கள். எனக்கு இரண்டு வழிகள் உண்டு: டிசம்பர் வரை பழைய கட்டணம், அல்லது மாதத்தில் இரண்டு தவணை. எதை ஒப்புக்கொண்டாலும் அவர்கள் எதிரிலேயே ஃபீஸ் நோட்டில் எழுதி, முடியும் மாதத்தையும் குறித்துவிடுங்கள். குறிக்காமல் விட்டால் ஜனவரியில் இருவருக்கும் வேறு வேறு ஞாபகம் இருக்கும்.

ஜூலை 25 வாக்கில் ஒரே ஒரு நினைவூட்டல் போதும்: "வணக்கம், ஆகஸ்ட் மாதக் கட்டணம் 950 ரூபாய். ஜூன் 3 கடிதத்தில் சொன்னபடி." தனியாகப் பேசி முடித்தவர்களுக்கு இதை அனுப்பாதீர்கள்.