ஆட்குறைப்பு நட்டஈட்டை எந்த நாளில் செலவினமாகப் பதிவது: அச்சுவேலித் தையல் பிரிவு ஒன்றை வைத்து ஒரு செய்முறை விளக்கம்

ஒரு பிரிவை மூடி ஆட்களை நிறுத்தும்போது, காசு கையை விட்டுப் போகும் நாளிலேயே நட்டஈட்டைக் கணக்கில் எழுதுவதுதான் பல சிறு நிறுவனங்களின் வழக்கம். அது பிழை. திட்டத்தைத் தொழிலாளரிடம் முறையாக அறிவித்து, இனிப் பின்வாங்க முடியாத நிலை வந்த நாளிலேயே முழுச் செலவினமும் பொறுப்பும் பதிவாக வேண்டும் என்கிறது இலங்கைக் கணக்கீட்டு நியமம் 19. சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கான நியமத்தைப் பின்பற்றுவோரும் விரிவான முறையான திட்டத்தையும் பின்வாங்க வழியில்லாத நிலையையுமே பார்க்க வேண்டும்.

ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். தலைமையிடம் கொக்குவில், தையல் பிரிவு அச்சுவேலி, மொத்தம் 30 தொழிலாளர். கணக்காண்டு மார்ச் 31இல் முடிகிறது. தையல் பிரிவை யூன் 30இல் மூடப் போகிறார்கள், 18 பேருக்கு வேலை போகிறது.

படி 1: நாளைக் குறியுங்கள்

பணிப்பாளர் சபை பெப்ரவரி 20இல் தீர்மானம் எடுத்தது. மார்ச் 1இல் 18 பேரின் கையிலும் கடிதம் கொடுக்கப்பட்டது. பதிய வேண்டிய நாள் மார்ச் 1. சபை அறைக்குள் எடுத்த முடிவை யாருக்கும் தெரியாமலே மாற்றிக்கொள்ளலாம் என்பதால், பெப்ரவரி 20இல் எந்தக் கடப்பாடும் உருவாகவில்லை.

கடிதம் கொடுத்தால் மட்டும் போதாது, அதில் என்ன இருக்கிறது என்பதே முக்கியம். எத்தனை பேர், எந்த வேலைப் பிரிவு, எந்த இடம், எப்போது முடியும் என்பவை திட்டத்தில் இருக்க வேண்டும். தனக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை ஒவ்வொரு தொழிலாளியும் தானே கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடிய அளவுக்குத் தொகை தெளிவாக இருக்க வேண்டும். "தகுந்த நட்டஈடு வழங்கப்படும்" என்று மொட்டையாக எழுதிய கடிதத்தைக் கணக்காய்வாளர் ஏற்கமாட்டார். திட்டம் பெரிதாக மாறாது என்பதையும் நிறுவனத்தின் நடவடிக்கைகள் காட்ட வேண்டும்.

இதே கடிதங்கள் ஏப்ரல் 5இல் கொடுக்கப்பட்டிருந்தால், மார்ச்சில் முடிந்த ஆண்டில் ஒரு சதமும் செலவினமாக வராது. தொகை பெரிதென்றால் நிதிக்கூற்றின் குறிப்பில் வெளிப்படுத்தினால் போதும். ஆண்டு முடிவை ஒட்டிய அறிவிப்புகளில் கடிதம் பெற்ற கையொப்பத் தாளைத் திகதியோடு பத்திரப்படுத்தச் சொல்வது இதற்காகத்தான்.

படி 2: சட்டப்படி தொகையைப் போடுங்கள்

15 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் ஆட்குறைப்புச் செய்வதென்றால், 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க, தொழிலை முடிவுறுத்தல் பற்றிய சட்டப்படி தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதம் அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி வேண்டும். ஆணையாளர் நட்டஈடு கணிக்கும் சூத்திரத்தில் முதல் 5 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு இரண்டரை மாதச் சம்பளம், 6 முதல் 14 வரையான ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 2 மாதச் சம்பளம். அதற்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு விகிதம் படிப்படியாகக் குறையும். ஒருவருக்கான உச்சத்தொகை 2021இல் 25 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது.

எங்கள் நிறுவனம் அதே சூத்திரத்தைக் கடிதத்தில் எழுதியிருக்கிறது. 12 பேர் 4 ஆண்டு வேலை செய்தவர்கள், மாதச் சம்பளம் 40,000. இவர்களுக்கு 10 மாதச் சம்பளம், அதாவது ஆளுக்கு 400,000. மற்ற 6 பேர் 9 ஆண்டு வேலை செய்தவர்கள், சம்பளம் 50,000. முதல் 5 ஆண்டுக்குப் பன்னிரண்டரை மாதமும், அடுத்த 4 ஆண்டுக்கு 8 மாதமும் சேர்த்து இருபதரை மாதம், ஆளுக்கு 1,025,000.

12 பேருக்கு 4,800,000, 6 பேருக்கு 6,150,000. மொத்தம் 10,950,000 ரூபாய்.

```
மார்ச் 1
ஆட்குறைப்பு நட்டஈட்டுச் செலவினம்     வரவு    10,950,000
  ஆட்குறைப்பு நட்டஈட்டுப் பொறுப்பு    செலவு   10,950,000
```

யூன் 30இலேயே கொடுத்து முடிப்பதால் கழிவிட்டுத் தற்போதைய பெறுமதிக்குக் கொண்டுவரத் தேவையில்லை. கொடுப்பனவு, ஆண்டு முடிந்து 12 மாதத்துக்கு அப்பாலும் இழுபடும் என்றால்தான் அந்த வேலை வரும்.

படி 3: நின்று வேலை செய்வதற்கான பணத்தைப் பிரியுங்கள்

அதிகம் பிழைக்கும் இடம் இது. கையிலிருக்கும் ஓடர்களை முடிப்பதற்காக, யூன் 30 வரை நிற்பவருக்கு மேலதிகமாக 60,000 என்றும் கடிதத்தில் இருக்கிறது. 18 பேருக்கு 1,080,000. இதையும் மார்ச் 1இல் சேர்த்து எழுதத் தோன்றும். ஆனால் இது வேலை போவதற்கான நட்டஈடு அல்ல, வரப்போகும் நாலு மாத உழைப்புக்கான கூலி. எனவே உழைப்பு நடக்க நடக்கத்தான் செலவினமாகும்.

இரண்டையும் பிரிக்க ஒரேயொரு கேள்வி போதும்: ஏப்ரலில் விலகிப் போகிறவருக்கும் இந்தப் பணம் கிடைக்குமா? 400,000 கிடைக்கும், ஆகவே அது நட்டஈடு. 60,000 கிடைக்காது, ஆகவே அது சேவைக்கான கொடுப்பனவு. மார்ச் தொடக்கம் யூன் வரை நாலு மாதம்; மார்ச் முடிவில் ஒரு மாதப் பங்கு மட்டும் சேரும்.

```
மார்ச் 31
சேவை ஊக்கக் கொடுப்பனவுச் செலவினம்    வரவு    270,000
  செலுத்த வேண்டிய கொடுப்பனவு        செலவு   270,000
```

மிகுதி 810,000 அடுத்த ஆண்டின் முதல் மூன்று மாதங்களுக்குரியது. இடையில் விலகக்கூடியவர்கள் இருந்தால் அவர்களின் எண்ணிக்கையை மதிப்பிட்டுக் கழித்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தை எழுதும்போது, நட்டஈடு முழுவதையுமே "யூன் 30 வரை நிற்பவருக்கு மட்டும்" என்று வரைந்துவிட்டால் கணக்கே தலைகீழாகும். 10,950,000உம் சேவைக்கான கொடுப்பனவாகி நாலு மாதத்துக்குப் பரவும். ஆகவே வரைவைக் கணக்காளரும் பார்த்த பிறகே கையெழுத்துக்குப் போக வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

படி 4: பணிக்கொடையைக் கலக்காதீர்கள்

9 ஆண்டுக்காரருக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம் வீதம் 225,000 பணிக்கொடை உண்டு. அது வேலை செய்த காலத்திலேயே ஆண்டுதோறும் பொறுப்பாகச் சேர்ந்து வந்திருக்க வேண்டும். நட்டஈட்டோடு இன்னொரு தடவை எழுதினால் இரட்டைப் பதிவாகிவிடும்.

4 ஆண்டுக்காரர் 5 ஆண்டை எட்டாமலே போகிறார்கள், சட்டப்படி பணிக்கொடை இல்லை. நியமம் 19இன்படி அவர்களுக்காகச் சேர்த்து வைத்த தொகை ஏதும் இருந்தால், நட்டஈட்டைப் பதியும் அதே காலத்தில் அதையும் நீக்க வேண்டும். 30 பேரில் 18 பேர் போவது பெரும் குறைப்பு என்பதால் இது சேவைக் குறைப்பாகக் கருதப்படும். நீக்கும் தொகை இலாபநட்டத்துக்கே போகும்.

படி 5: சேர்க்கக் கூடாதவற்றை வெளியே விடுங்கள்

இயந்திரங்களைக் கொக்குவிலுக்கு ஏற்றிச் செல்லும் செலவு, அங்கே தொடர்ந்து வேலை செய்வோருக்குப் பயிற்சி, மூடும்வரை வரப்போகும் நட்டம் ஆகிய எதையும் மார்ச் ஏற்பாட்டில் போட முடியாது. அவை எதிர்காலத் தொழிலுக்குரியவை, நடக்கும்போது எழுதப்படும். தையல் இயந்திரங்களின் பெறுமதி விழுந்திருந்தால் அது வேறு நியமத்தின்கீழ் தனியே சோதிக்கப்படும்.

படி 6: தொகை மாறினால்

மே மாதத்தில் 4 ஆண்டுக்காரர் இருவர் கொக்குவிலில் வேலை பெற்று நிற்கிறார்கள் என்று வைப்போம். அவர்களுக்கான 800,000ஐ மே மாதம் அடங்கும் ஆண்டிலேயே செலவினத்திலிருந்து திருப்புங்கள். முன்னைய ஆண்டின் கணக்கைத் திருத்த வேண்டாம், மார்ச்சில் இருந்த தகவல்படி அது சரியான மதிப்பீடே. ஆணையாளர் வேறு தொகையைத் தீர்மானித்தாலும் கையாளும் விதம் இதுவே. ஆனால் கடிதம் கொடுத்த நாளிலேயே அனுமதி கிடைப்பது சந்தேகம் என்று தெரிந்திருந்தால், படி 1இல் சொன்ன "திட்டம் மாறாது" என்ற நிபந்தனையே ஆட்டம் காணும். விண்ணப்பப் பிரதியையும் சம்மதக் கடிதங்களையும் கோப்பின் முதல் பக்கத்திலேயே வைத்திருங்கள், கணக்காய்வாளர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.