எதை வாங்குவது, எப்போது வாங்குவது

பங்கு வாங்கும்போது ஃபண்டமென்டல் அனாலிசிஸ் கம்பெனியின் கணக்கைப் பார்த்து ‘இந்தக் கம்பெனிக்கு இந்த விலை தகுமா’ என்று கேட்கிறது, டெக்னிக்கல் அனாலிசிஸ் விலை சார்ட்டைப் பார்த்து ‘விலை இப்போது எந்தப் பக்கம் போகிறது’ என்று கேட்கிறது. இரண்டையும் கலப்பவர்கள் சிலர் லாபம் வளர்கிற, கடன் குறைவான கம்பெனிகளை முதலில் சலித்தெடுத்துவிட்டு, பங்கு விலை அதன் கடந்த 200 நாள் சராசரி விலைக்கு மேலே ஏறி நிற்கும்வரை காத்திருப்பார்கள். சரி, சிக்கல் வருவது விற்பதில்தான். சார்ட்டை மட்டும் நம்பி 100-இல் வாங்கி 92-இல் வெளியேறுவதாக முடிவு செய்தவர், விலை 91 ஆனதும் ‘நல்ல கம்பெனிதானே, இருக்கட்டும்’ என்று வைத்துக்கொள்கிறார், அந்தக் கம்பெனியின் கணக்கை ஒருமுறைகூடப் பார்க்காமலே. வாங்கும்போதே காரணத்தை எழுதி வையுங்கள். சார்ட் பார்த்து வாங்கியதைச் சார்ட் சொல்லும்போது விற்க வேண்டும், லாபத்தைப் பார்த்து வாங்கியதென்றால் ஒவ்வொரு காலாண்டு முடிவு வரும்போதும் அந்த லாபம் இன்னும் வளர்கிறதா என்று பாருங்கள்.